டி செல்களை மொத்தமாக எழுப்பும் நஞ்சு: சூப்பர் ஆன்டிஜென்களும் நச்சு அதிர்ச்சியும்

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் குடியிருக்கிறது. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. எப்போதாவது ஒரு கட்டி, புண்ணில் கொஞ்சம் சீழ் என்று தலைகாட்டும். ஆனால் இதன் சில ரகங்கள் ஒரு சிறிய புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம் ரத்தத்தில் கலந்தால், காலையில் நன்றாக இருந்த ஒருவர் மறுநாளே கடும் காய்ச்சலோடும், உடலெங்கும் சிவந்த தோலோடும், அபாயமாக இறங்கிய ரத்த அழுத்தத்தோடும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரலாம். இந்த நிலைக்கு நச்சு அதிர்ச்சி நோய் என்று பெயர். மருத்துவமனைகளில் டாக்சிக் ஷாக் என்பார்கள்.

பாம்பின் நஞ்சு நரம்பைத் தாக்கும், திசுவை அரிக்கும். டிப்தீரியா நஞ்சு செல்லுக்குள் புகுந்து புரத உற்பத்தியை நிறுத்தும். நச்சு அதிர்ச்சியை உண்டாக்கும் புரதம் இப்படி எதையும் செய்வதில்லை. நோய் எதிர்ப்புப் படையின் முக்கிய அங்கமான டி செல்களைத் தவறான முறையில் தூண்டிவிடுவதுதான் அதன் வேலை. அதன் பிறகு உடலுக்கு நேரும் கேடுகளில் பெரும்பகுதி அந்த டி செல்கள் சுரக்கும் ரசாயனங்களால் வருபவை. இப்படித் தூண்டும் புரதங்களைச் சூப்பர் ஆன்டிஜென்கள் என்கிறார்கள்.

டி செல் வழக்கமாக எப்படி விழிக்கிறது?

உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை, அதாவது ஆன்டிஜெனை, டி செல் நேரடியாகப் பார்ப்பதில்லை. டென்ட்ரிட்டிக் செல், மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் அதை முதலில் விழுங்குகின்றன. அதிலுள்ள புரதங்களைச் சிறு துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொரு துணுக்கையும் எம்.எச்.சி. வகை 2 என்ற ஏந்துபுரதத்தின் மேல் உள்ள பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகின்றன. டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி அந்தப் பள்ளத்தையும் அதில் கிடக்கும் துணுக்கையும் சேர்த்துத் தடவிப் பார்க்கிறது. இரண்டும் தன் அமைப்புக்குப் பொருந்தினால் மட்டும் டி செல் விழிக்கும். பொருந்தாவிட்டால் நகர்ந்துவிடும்.

டி செல் ஏற்பி ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொரு சங்கிலிக்கும் பல மரபணுத் துண்டுகள் இருக்கின்றன. டி செல் உருவாகும்போது அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒட்டப்படுகின்றன. ஒட்டும் இடத்தில் எழுத்துகள் கூட்டியும் குறைத்தும் சேர்க்கப்படுகின்றன. ஏற்பியின் நுனியில், துணுக்கைத் தொடும் பகுதி, இப்படி ஒட்டப்பட்ட இடத்தில்தான் அமைகிறது. அதனால் ஒரு மனிதரின் டி செல்களில் கோடிக்கணக்கான வெவ்வேறு நுனிகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட துணுக்குக்குப் பொருந்தும் நுனி பத்தாயிரத்தில் ஒரு செல்லிடமோ, பத்து லட்சத்தில் ஒரு செல்லிடமோதான் இருக்கும்.

இந்த அரிதான பொருத்தம்தான் உடலுக்குப் பாதுகாப்பு. பொருந்திய சில செல்கள் மட்டும் நிணநீர் முடிச்சுகளில் பெருகி, சில நாட்களில் ஒரு படையாகின்றன. படை வளர நேரம் பிடிப்பதால், அது சுரக்கும் ரசாயனங்களும் அளவோடு, பெரும்பாலும் தொற்று இருக்கும் இடத்தைச் சுற்றியே இருக்கும். காய்ச்சல் வரும், நெறி கட்டும், அசதி இருக்கும். பிறகு அடங்கிவிடும்.

பக்கவாட்டுப் பிணைப்பு

சூப்பர் ஆன்டிஜென் இந்தச் சோதனையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அது விழுங்கப்படுவதில்லை, வெட்டப்படுவதும் இல்லை. முழுப் புரதமாகவே வந்து, எம்.எச்.சி. புரதத்தின் வெளிப்பக்கத்தில், துணுக்கு வைக்கும் பள்ளத்துக்கு அப்பால் ஒட்டிக்கொள்கிறது. அதன் மறுபுறம் டி செல் ஏற்பியின் பீட்டா சங்கிலியில், நுனியை விட்டு விலகிய பக்கப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. முகம் பார்த்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய இருவரை, பார்க்கவே விடாமல் இடுப்போடு இடுப்பாகக் கயிறு போட்டுக் கட்டுவது போன்ற காரியம் இது. இரு செல்களும் நெருங்கி நிற்பதால், பொருத்தம் நடந்துவிட்டது என்றே டி செல்லுக்குள் சமிக்ஞை போகிறது. பள்ளத்தில் என்ன துணுக்கு இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

இது ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம். புரதத்தை வெட்டும் திறனை இழக்கும்படி ரசாயனத்தால் உறையவைத்த செல்கள், சாதாரண ஆன்டிஜெனை டி செல்லுக்குக் காட்ட முடியாமல் நின்றுவிடுகின்றன. அதே செல்கள் சூப்பர் ஆன்டிஜெனைக் கொடுத்தால் டி செல்களை எழுப்பிவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் எம்.எச்.சி. புரதம் இருந்தாலே போதும்.

டி செல் ஏற்பியின் பக்கப் பகுதியில் இருப்பது வி-பீட்டா என்ற மரபணுத் துண்டின் விளைபொருள். மனிதரிடம் இத்தகைய துண்டுகள் சில பத்துகள்தான் உண்டு. அவை இருபத்துச் சொச்சம் குடும்பங்களாக எண்ணிட்டு வகைப்படுத்தப்பட்டுள்ளன. நுனிகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் பக்கங்கள் சில டஜன்தான் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு சூப்பர் ஆன்டிஜெனும் ஒன்றிரண்டு அல்லது சில வி-பீட்டா குடும்பங்களை மட்டும் பிடிக்கும். நச்சு அதிர்ச்சி நஞ்சு-1 எனப்படும் புரதம் (சுருக்கமாக TSST-1) மனிதரிடம் வி-பீட்டா 2 என்ற குடும்பத்தைப் பிடிக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் டி செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே சூப்பர் ஆன்டிஜெனுக்கும் ஒரு தேர்வு உண்டு. ஆனால் அந்தத் தேர்வு எந்தக் கிருமி வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. டி செல் எந்தத் துண்டால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு பெரியவரின் உடலில் மொத்தம் சுமார் 40,000 கோடி டி செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். லட்சத்தில் ஒரு செல்லுக்குப் பொருந்தும் சாதாரண ஆன்டிஜென் வந்தால், அதற்கு அழைக்கத் தகுந்தவை 40 லட்சம் செல்கள். அவையும் உடலெங்கும் சிதறிக் கிடப்பவை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆன்டிஜெனைச் சந்திக்கும். பத்தில் ஒரு செல்லைப் பிடிக்கும் சூப்பர் ஆன்டிஜென் வந்தால் எண்ணிக்கை 4,000 கோடி. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அத்தனை செல்லும் தூண்டப்படும் என்பதில்லை. ஆனால் தூண்டப்படும் வாய்ப்புள்ள கூட்டத்தின் அளவு அது.

இதற்கு நஞ்சும் அதிகம் தேவைப்படுவதில்லை. ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு, அதாவது ஒரு பைகோகிராம். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே டி செல்களைத் தூண்ட வல்ல சூப்பர் ஆன்டிஜென்கள் உண்டு.

டென்வரில் தொடங்கிய கதை

நோய் முதலில் பெயர் பெற்றது 1978இல். அமெரிக்காவின் டென்வர் நகரில் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாட் தலைமையிலான குழு, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஏழு பிள்ளைகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது. கடும் காய்ச்சல், தலைவலி, மனக்குழப்பம், கண் சிவப்பு, உடலெங்கும் செந்நிறத் தடிப்பு, வாந்தி, தண்ணீராகப் போகும் பேதி, சிறுநீர் குறைவு, இறுதியில் ஷாக் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நோயுற்றிருந்தார்கள். ஒருவர் இறந்தார், இன்னொருவருக்குக் கால் விரல்கள் அழுகின. பிழைத்தவர்களுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் உரிந்தது.

டாட் குழு கவனித்த ஒரு விவரம் பின்னால் வந்த எல்லா ஆராய்ச்சிக்கும் வழிகாட்டியது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மூக்கிலும் தொண்டையிலும் பிறப்புறுப்பிலும் சீழ்க்கட்டியிலும் கிடைத்தது. ரத்தத்தில் கிடைக்கவில்லை. பாக்டீரியா ஓர் ஓரத்தில் இருக்க, உடல் முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் பயணம் செய்வது பாக்டீரியா சுரக்கும் நஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில் நோய் தேசியச் செய்தியானது. 1980 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 55 நோயாளிகளைப் பற்றி அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதவிடாய் தொடங்கிய சில நாட்களுக்குள் நோயுற்றவர்கள். மேலும் விசாரித்ததில் டாம்பான் பயன்பாட்டோடு தொடர்பு தெரிந்தது. டாம்பான் என்பது மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்சப் பிறப்புறுப்புக்குள் செருகும் பஞ்சு உருளை. அதிலும் ரிலை என்ற பெயரில் விற்ற, மிக அதிகமாக உறிஞ்சும் வகைக்கு வலுவான தொடர்பு காணப்பட்டது. அது பஞ்சால் ஆனதல்ல. பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் அடைத்தது. அதைத் தயாரித்த பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1980 செப்டம்பரில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

டாம்பான் கிருமியைக் கொண்டுவரவில்லை. சில பெண்களின் பிறப்புறுப்பில் நஞ்சு சுரக்கும் ரகம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அங்கே வழக்கமாக ஆக்சிஜன் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். இந்த இரண்டுமே நஞ்சு உற்பத்திக்குத் தடை. மாதவிடாயின்போது ரத்தம் சேர்வதால் அமிலத்தன்மை குறைந்து நடுநிலைக்கு வருகிறது. டாம்பான் தன் இழைகளுக்கிடையே காற்றைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறது. ஆக்சிஜன், நடுநிலை, உடல் வெப்பம், ரத்தப் புரதம் என எல்லாம் ஒன்றுசேர்ந்ததும் பாக்டீரியா நஞ்சைச் சுரக்கத் தொடங்குகிறது. அதிகம் உறிஞ்சும் டாம்பான் அதிகக் காற்றைச் சுமப்பதோடு, நெடுநேரம் மாற்றாமல் வைத்திருக்கவும் இடம் கொடுக்கிறது. இந்த நஞ்சு சளிச்சவ்வைக் கடந்து ரத்தத்தில் சேரக்கூடியது என்பதால் காயம்கூடத் தேவையில்லை.

1981இல் பேட்ரிக் ஷ்லீவர்ட்டின் குழுவும் மெர்லின் பெர்க்டாலின் குழுவும் தனித்தனியே ஒரே நஞ்சைக் கண்டுபிடித்து, வெவ்வேறு பெயர் வைத்தன. இரண்டும் ஒன்றே என்று தெளிவான பிறகு TSST-1 என்ற பொதுப்பெயர் வந்தது. 194 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம் அது. ஆனால் அது எப்படி நோயை உண்டாக்குகிறது என்பது அப்போதும் விளங்கவில்லை. டென்வரிலேயே பணியாற்றிய ஜான் காப்ளர், ஃபிலிப்பா மராக் தம்பதியின் குழு 1989இல் அதற்கு விடை தரும் ஆய்வை வெளியிட்டது. உணவு நஞ்சாகும்போது வாந்தியை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கல் என்டரோடாக்சின் பி என்ற புரதம் எலிகளில் குறிப்பிட்ட சில வி-பீட்டா வகை டி செல்களை மொத்தமாகத் தூண்டுவதை அவர்கள் காட்டினார்கள். சூப்பர் ஆன்டிஜென் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். அடுத்த ஆண்டே, நச்சு அதிர்ச்சி நோயாளிகளின் ரத்தத்தில் வி-பீட்டா 2 டி செல்கள் மட்டும் பெருகியிருப்பது பதிவானது. சோதனைக் குழாயில் கண்டது மனிதரிடமும் நடக்கிறது என்பதற்கு அது சான்று.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

தூண்டப்பட்ட டி செல் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞை ரசாயனங்களைச் சுரக்கிறது. அவற்றில் இன்டர்லூகின்-2 பிற டி செல்களைப் பெருக்கும். இன்டர்ஃபெரான் காமா, எதிரே கட்டுண்டு நிற்கும் மேக்ரோஃபேஜை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட மேக்ரோஃபேஜ் தன் பங்குக்கு டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 ஆகியவற்றைக் கொட்டும். ஒரு புண்ணைச் சுற்றிச் சிறு அளவில் இவை சுரந்தால் ரத்தக்குழாய் சற்று விரியும், வெள்ளணுக்கள் வெளியே வர வழி கிடைக்கும், புண் ஆறும். அதே ரசாயனங்கள் சில மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் பாயும்போது ஒவ்வொரு நல்ல விளைவும் கேடாக மாறுகிறது.

மாதவிடாயின் மூன்றாம் நாளில் நோயுறும் ஓர் இளம்பெண்ணிடம் இது எப்படி வெளிப்படும் என்பதை வரிசையாகச் சொல்லலாம். முதலில் குளிர் நடுக்கத்தோடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல். இன்டர்லூகின்-1 மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை ஏற்றிவிடுவதால் வருவது இது. கூடவே தசைகளில் தாங்க முடியாத வலி, வாந்தி, பேதி. இந்தக் கட்டத்தில் சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே வீட்டில் நினைப்பார்கள். சில மணி நேரத்தில் உடல் முழுவதும் வெயிலில் காய்ந்தது போலச் சிவக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மீண்டும் சிவக்கும். கண் வெண்படலமும் நாக்கும் சிவக்கின்றன.

அதன்பின் வருவதுதான் உயிருக்கு ஆபத்தான கட்டம். டிஎன்எஃப் ஆல்ஃபாவும் அதன் கூட்டாளிகளும் நுண்குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிடுகின்றன. ரத்தத்தின் நீரும் ஆல்புமின் புரதமும் கசிந்து திசுக்களுக்குள் போகின்றன. கை, கால், முகம் வீங்குகின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்துவிட, உள்ளே ஓட வேண்டிய திரவம் வெளியே தேங்கி நிற்கிறது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்குகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவார். மூளைக்கு ரத்தம் குறைவதால் பேச்சு குழறும். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவதால் சிறுநீர் சுருங்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போகலாம்.

பிழைத்து எழுபவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரியும். சிவந்த கட்டத்தில் நோயைத் தவறவிட்டவர்கள் இந்த உரிதலைப் பார்த்த பிறகே என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதும் உண்டு.

நோயின் வரையறையும் இந்த அறிகுறிகளைக் கொண்டே அமைந்திருக்கிறது. 38.9 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பரவலான சிவப்பு, பின்னர் தோலுரிதல், தாழ்ந்த ரத்த அழுத்தம், இவற்றோடு குறைந்தது மூன்று உறுப்பு மண்டலங்களில் பாதிப்பு ஆகிய ஐந்தும் இருந்தால் நோய் உறுதி. ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை ஸ்டெஃபிலோகாக்கல் நச்சு அதிர்ச்சியில் பெரும்பாலும் எதையும் காட்டாது. அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவை பரவலாக உள்ள இடங்களில் குழப்பத்துக்கு இன்னும் இடமுண்டு. டெங்குவிலும் காய்ச்சல், சிவப்பு, தட்டணுக் குறைவு, கசிவால் வரும் ஷாக் எல்லாம் வரும். ஆனால் டெங்குவில் ஷாக் வருவது வழக்கமாகக் காய்ச்சல் தொடங்கி மூன்று நாளைக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் நேரத்தில். நச்சு அதிர்ச்சியில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே, முதல் ஒன்றிரண்டு நாளில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். டாம்பான், அறுவைப் புண், மூக்கில் ரத்தம் நிறுத்த வைத்த பஞ்சு, சிறு தீக்காயம் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தேடுவது அங்கே மிக முக்கியம். புண் பார்வைக்குச் சிவக்காமல், சீழ் இல்லாமல் சாதுவாகவே இருக்கலாம்.

யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை?

நஞ்சு சுரக்கும் ரகத்தைச் சுமப்பவர்கள் பலர். நோயுறுபவர்கள் மிகச் சிலர். வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் ஆன்டிபாடி. பெரும்பாலான மனிதர்கள் வளர்ந்து பெரியவர்களாவதற்குள் இந்தப் பாக்டீரியாவைப் பலமுறை சிறு அளவில் சந்தித்து, TSST-1க்கு எதிரான ஆன்டிபாடியைப் பெற்றுவிடுகிறார்கள். ரத்தத்தில் கலக்கும் நஞ்சை அது பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. நச்சு அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் ரத்தத்தில், நோய் தொடங்கும் நேரத்தில், அந்த ஆன்டிபாடி இல்லை அல்லது போதவில்லை என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. பதின்வயதினரிடமும் இளம்பெண்களிடமும் நோய் அதிகம் தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருமுறை நோய் வந்து போனால் ஆன்டிபாடி உருவாகிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அம்மை வந்தவருக்கு மீண்டும் அம்மை வருவதில்லை. ஆனால் நச்சு அதிர்ச்சியிலிருந்து பிழைத்தவர்களில் பலருக்கு ஆன்டிபாடி உருவாவதில்லை. பி செல் நல்ல ஆன்டிபாடியைத் தயாரிக்க, அதே ஆன்டிஜெனை அடையாளம் கண்ட டி செல் ஒன்றின் அளவான உதவி தேவை. கண்மூடித்தனமாகத் தூண்டப்பட்ட டி செல்களால் அந்த உதவியைத் தர முடிவதில்லை. அளவுக்கு மீறிய தூண்டலுக்குப் பிறகு அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகின்றன. மிஞ்சியவை சில காலம் எதற்கும் அசையாமல் முடங்குகின்றன. அதனால் அடுத்த மாதவிடாயிலேயே நோய் மீண்டும் வந்த பெண்கள் உண்டு. ஒருமுறை வந்தவர்கள் டாம்பானை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

எம்.எச்.சி. புரதத்தின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதும் நோயின் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தொண்டை வலியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் பாக்டீரியாவும் சூப்பர் ஆன்டிஜென்களைச் சுரக்கிறது. ஒரே ரகத்தால் தாக்கப்பட்டும் சிலருக்கு லேசான நோயும் சிலருக்கு நச்சு அதிர்ச்சியும் வருவது ஏன் என்று மாலக் கோட்பின் குழு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. சில எம்.எச்.சி. வகைகளை உடையவர்களிடம் சைட்டோகைன் வெள்ளம் குறைவாகவும், வேறு சில வகைகளை உடையவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. எலிகளுக்கு இந்த நோய் எளிதில் வராததும் இதே காரணத்தால்தான். எலியின் எம்.எச்.சி. புரதத்தோடு இந்த நஞ்சுகள் சரியாக ஒட்டுவதில்லை. மனித எம்.எச்.சி. மரபணுவைப் புகுத்திய எலிகளைக் கொண்டே பல ஆய்வுகள் நடக்கின்றன.

ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் நச்சு அதிர்ச்சி இன்னும் கொடியது. மாதவிடாயோடு தொடர்புள்ள ஸ்டெஃபிலோகாக்கல் வகையில், இன்றைய சிகிச்சையில், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கல் வகையில் மூன்றில் ஒருவராவது இறக்கக்கூடும். அங்கே பாக்டீரியா ஓரமாக நிற்பதில்லை. தசையுறைகளை அழுக வைத்துக்கொண்டே ரத்தத்திலும் பரவுகிறது. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் அது கிடைக்கிறது. புண்ணைப் பார்த்தால் சிறிதாகத் தோன்ற, நோயாளி சொல்லும் வலி மட்டும் பன்மடங்காக இருப்பது இதன் முதல் அடையாளம்.

பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

தான் வாழும் உடலையே கொல்வது எந்தக் கிருமிக்கும் ஆதாயமல்ல. நச்சு அதிர்ச்சி ஒரு விபத்தாகவே இருக்க வேண்டும். சிறு அளவில், தொற்று இருக்கும் இடத்தில் மட்டும் டி செல்களைத் திசைதிருப்பிக் குழப்புவது கிருமிக்கு உதவும் என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. மனித எம்.எச்.சி. புகுத்தப்பட்ட எலியின் மூக்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடியேற அதன் சூப்பர் ஆன்டிஜென் தேவைப்படுவது 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது.

இந்த உத்தியை ஒரு வைரசும் கையாள்கிறது. எலிகளில் மார்பகக் கட்டியை உண்டாக்கும் வைரஸ் தாய்ப்பால் வழியாகக் குட்டியின் குடலுக்குள் போய், அங்குள்ள பி செல்களைத் தொற்றி, ஒரு சூப்பர் ஆன்டிஜெனை வெளியிடுகிறது. தூண்டப்பட்ட டி செல்கள் அந்த பி செல்களைப் பெருக்குகின்றன. பெருகும் பி செல்களோடு வைரசும் பெருகி, காலப்போக்கில் மார்பகத்தை அடைகிறது. டி செல்கள் பதிலளிக்காவிட்டால் இந்த வைரசால் பரவவே முடியாது.

சிகிச்சையின் மூன்று இலக்குகள்

நோயின் இயங்குமுறை தெரிந்தபின் சிகிச்சையின் ஒவ்வொரு படிக்கும் பொருள் விளங்குகிறது. முதல் வேலை நஞ்சின் ஊற்றை அகற்றுவது. டாம்பான் இருந்தால் உடனே எடுக்க வேண்டும். சீழ்க்கட்டியைத் திறந்து வடிக்க வேண்டும். சுத்தமாகத் தெரியும் அறுவைப் புண்ணானாலும் பிரித்துக் கழுவ வேண்டும். கூடவே, கசிந்துபோன திரவத்தை ஈடுகட்ட டிரிப்ஸ் வழியாக உப்பு நீர் ஏற்றுகிறார்கள். குழாய்கள் தொடர்ந்து கசிவதால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கும் மேல் தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அதுவும் போதாதபோது ரத்தக்குழாய்களைச் சுருக்க நார்அட்ரினலின் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, நஞ்சு உற்பத்தியை நிறுத்துவது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைத்துக் கொல்பவை. அவை வேலை செய்ய நேரமாகும், அதுவரை நஞ்சு சுரந்துகொண்டே இருக்கும். கிளிண்டமைசின் வேறு விதம். அது பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. நஞ்சும் ஒரு புரதம் என்பதால், பாக்டீரியா சாவதற்கு முன்பே நஞ்சு நின்றுவிடும். இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். கிளிண்டமைசினுக்கு அடங்காத ரகங்கள் இருப்பதால், ஆய்வக முடிவு வந்ததும் மருந்தை மாற்ற வேண்டியும் வரலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் நஞ்சைச் செயலிழக்கச் செய்வது. ஆயிரக்கணக்கானவர்களின் ரத்ததானத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினில், பெரும்பாலானோர் ஏற்கெனவே பெற்றுள்ள நஞ்சு எதிர்ப்பு ஆன்டிபாடியும் இருக்கும். நோயாளியிடம் இல்லாததை அது இரவல் தருகிறது. கிளிண்டமைசின் பெற்ற ஸ்ட்ரெப்டோகாக்கல் நோயாளிகளைப் பற்றிய ஐந்து ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, இம்யூனோகுளோபுலின் சேர்க்கப்பட்டவர்களில் இறப்பு ஏறத்தாழ 34 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளல்ல. விலையும் அதிகம். ஆகவே எல்லா நோயாளிக்கும் கட்டாயம் என்று சொல்லும் நிலை இல்லை.

தடுப்பூசிக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. TSST-1இன் அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றி, டி செல்லைத் தூண்ட முடியாத, ஆனால் ஆன்டிபாடியைத் தூண்டக்கூடிய புரதத்தை வியன்னாவில் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். மனிதர்களிடம் நடந்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஊசி பாதுகாப்பாக இருந்ததோடு ஆன்டிபாடியும் உண்டானது. நோய் அரிது என்பதால், அது உண்மையில் நோயைத் தடுக்கிறது என்று காட்ட மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

அதுவரை தடுப்பு என்பது எளிய பழக்கங்களில்தான் இருக்கிறது. டாம்பானை எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. தேவைக்கு ஏற்ற, குறைந்த அளவு உறிஞ்சும் வகையையே எடுக்க வேண்டும். மாதவிடாய்க் கிண்ணம் பயன்படுத்திய சிலரிடமும் இந்த நோய் பதிவாகியிருப்பதால், அதையும் குறித்த நேரத்தில் எடுத்துக் கழுவ வேண்டும். வெளியே வைக்கும் நாப்கினில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. பிள்ளைகளுக்குச் சிறு சுடுநீர்க் காயம் பட்ட சில நாட்களில் கடும் காய்ச்சல், சிவப்பு, பேதி, சோர்வு என்று சேர்ந்து வந்தால், காயம் ஆறிவருவது போல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவரிடம் அந்தக் காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.